நைட் டியூட்டி மாற்றம்: சீட்டில்தான் குறை இருந்தது

அப்போது எனக்கு ஆறாம் மாதம். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, வாரம் மூன்று நைட். டாக்டர் தந்த சீட்டில் "ஓய்வு தேவை" என்று மட்டும் இருந்தது. "அப்போ லீவ் போட்டுக்கோம்மா" என்றார் நர்சிங் சூப்பரின்டெண்ட். சம்பளம் போகுமே!

திரும்பப் போய் விவரமாக எழுதி வாங்கினேன்: 24 வாரம், பிரசவத் தேதி, பிரஷர் ஏறியிருப்பது, "பகல் வேலை பார்க்கலாம், பிரசவம் வரை இரவு 8 முதல் காலை 8 வரை வேலை கூடாது." கூடவே, லீவ் கேட்கவில்லை, ஷிப்ட் மாற்றம்தான் கேட்கிறேன் என்று ஒரு கடிதம். காப்பியில் தேதியோடு சீல் கேட்டதற்குத்தான் முறைத்தார்கள், நான் விடவில்லை. அடுத்த வார ரோஸ்டரில் காலை ஷிப்ட். நைட் அலவன்ஸ் மட்டும் போச்சு.