அனுபவச் சான்றிதழ் கேட்டு எழுதிய மெயிலை அனுப்பும் முன் திருத்துவது எப்படி?

என் சித்தப்பா மகன் தோஹாவில் வேலை செய்கிறான். அதற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டராக இருந்தான். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் திட்டத்துக்கு அந்தப் பழைய வேலையின் சான்றிதழ் தேவைப்பட்டது. மேனேஜருக்கு எழுதிய மெயிலை, பிழை பார்க்கச் சொல்லி முதலில் எனக்கு அனுப்பினான்:

"வணக்கம் சார். நான் உங்கள் கம்பெனியில் 2014 முதல் 2019 வரை பனி புரிந்தேன். தற்போது வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்கு அவசரமாக அனுபவ சான்றிதழ் தேவை. தாங்கள் உடனே அனுப்பி வைக்கவும்."

எழுத்துப்பிழை உடனே கண்ணில் படும். ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரிகளே மாறப்போகின்றன என்பதால், இப்போது ஒற்றுப் போட்டால் இரண்டு வேலை.

படி 1: என்ன கேட்கிறோம் என்பது இருக்கிறதா?

"அனுபவச் சான்றிதழ்" என்று மட்டும் கேட்டால், இன்னார் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை வேலை செய்தார், நன்னடத்தை உள்ளவர் என்று மூன்று வரியில் வந்துவிடும். கனடாவுக்கு அது போதாது. கம்பெனி லெட்டர்ஹெட்டில், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, கம்பெனியின் முகவரி, தொலைபேசி, மெயில் ஆகியவையும் வேண்டும். விண்ணப்பிக்கச் சொல்லி கனடாவிலிருந்து அழைப்பு வந்த பிறகு, விண்ணப்பிக்க 60 நாள்தான். தவறான சான்றிதழ் வந்து, திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் அதில் பாதி போய்விடும்.

அதனால் இந்த விவரங்களை மெயிலிலேயே எழுதச் சொன்னேன். செய்த வேலைகளை அவனே ஐந்தாறு வரியில் எழுதி இணைத்தான். மேனேஜர் சரிபார்த்து மாற்றிக்கொள்ளலாம். இந்த வரிகளை கனடா அரசுத் தளத்தின் வேலை விவரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். எந்த மெஷின், என்ன பாகம் என்று சொந்த வார்த்தையில் எழுதினால்தான் அது உங்கள் வேலையாகத் தெரியும்.

படி 2: தேதியையும் பெயரையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள்

நினைவிலிருந்து எழுதிய தேதியை நம்பக் கூடாது. "2014 எந்த மாசம்டா?" என்று கேட்டேன். "டிசம்பர்" என்றான். நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்தால், 2014 ஜூன் 4-இல் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கிறான், டிசம்பரில் நிரந்தரமாகியிருக்கிறான். இரண்டையும் தனித்தனியாக எழுதினோம். விலகிய தேதிக்கு ரிலீவிங் ஆர்டரைப் பாருங்கள். மாதத்தைப் பெயராக எழுதுங்கள். 04/06 என்றால் ஏப்ரலா ஜூனா என்று வெளிநாட்டில் குழப்பம் வரும்.

பெயரில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கம்பெனிப் பதிவேட்டில் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். இரண்டையும் குறிப்பிட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடி தரும்படி கேளுங்கள். பழைய ஊழியர் எண்ணையும் சேர்த்தால் பதிவேட்டில் தேடுபவருக்குச் சுலபம்.

படி 3: தொனி

"உடனே அனுப்பி வைக்கவும்" என்பது உத்தரவு. விலகிப் போனவருக்கு இதைச் செய்து தர மேனேஜர் தன் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்க வேண்டும். "அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று மாற்றினோம். "அவசரம்" என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தேதியைப் போட்டோம். முதல் வரியில் "உங்கள்", கடைசி வரியில் "தாங்கள்" என்று இருந்ததையும் ஒன்றாக்கினோம்.

படி 4: இப்போது எழுத்துப்பிழை

"பனி" என்றால் குளிர்காலத்தில் பெய்வது. வேலை என்றால் "பணி". இரண்டும் சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி கோடு போட்டுக் காட்டாது. வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். "அனுபவச் சான்றிதழ்" என்பதில் ச் வரும்.

திருத்திய பின் மெயிலின் முக்கியப் பகுதி இப்படி இருந்தது:

"வணக்கம் சார். நான் தங்கள் கம்பெனியில் 2014 ஜூன் 4 அன்று பயிற்சியாளராகச் சேர்ந்து, 2014 டிசம்பர் 1 முதல் 2019 மார்ச் 30 வரை சிஎன்சி ஆபரேட்டராகப் பணிபுரிந்தேன். இப்போது கத்தாரில் இருக்கிறேன். கனடா குடியேற்ற விண்ணப்பத்துக்காக, கீழ்க்கண்ட விவரங்களுடன் லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்றிதழ் தேவைப்படுகிறது. இம்மாதம் 25-ஆம் தேதிக்குள் ஸ்கேன் பிரதியை மெயிலில் அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அசலை என் தம்பி நேரில் வந்து பெற்றுக்கொள்வார்; அவருக்கான அனுமதிக் கடிதத்தை இணைத்துள்ளேன்."

படி 5: இணைப்புகள்

"இணைத்துள்ளேன்" என்று எழுதிய ஒவ்வொன்றும் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அவன் நியமனக் கடிதத்துக்குப் பதிலாகச் சம்பளச் சீட்டை இணைத்திருந்தான். கைபேசி எண்ணுக்கு முன் நாட்டுக் குறியீடு வேண்டும், கத்தாருக்கு +974. தோஹாவில் காலை ஏழரை என்றால் கோவையில் பத்து மணி. மேனேஜர் சீட்டில் வந்து உட்காரும் அந்த நேரத்தில்தான் அனுப்பினான்.