அல்கோவின் ஷார்ப் விகிதம்: கணக்கு சரி, எண் தப்பு

நிஃப்டி ஆப்ஷன் விற்கும் ஓர் அல்கோ நேரடிச் சந்தையில் ஒரு வருடம் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாராந்தர எக்ஸ்பைரி இப்போது செவ்வாய்க்கிழமை என்பதால் அது திங்களும் செவ்வாயும் மட்டுமே வேலை செய்கிறது. திங்கள் விற்கும், செவ்வாய் முடித்துக்கொள்ளும். வருடத்தின் சுமார் 250 சந்தை நாட்களில் அது களத்தில் இருந்தது 100 நாள். அந்த 100 நாட்களின் சராசரி லாபம் மூலதனத்தில் 0.10%, திட்ட விலக்கம் 0.40%. உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான், ஆனால் இந்த வகை அல்கோவின் நாட்குறிப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

பெரும்பாலானோர் அடுத்து செய்வது இது: 0.10-ஐ 0.40-ஆல் வகுத்தால் 0.25. அதை 250-இன் வர்க்கமூலமான 15.8-ஆல் பெருக்கினால், எடுத்த ஆபத்துக்கு எவ்வளவு லாபம் என்று சொல்லும் ஷார்ப் விகிதம் 3.95. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத் தோன்றும் எண்தான். ஆனால் வருடத்துக்கு 100 முறை நடப்பதை 250 முறை நடப்பதாக நினைத்துப் பெருக்கியிருக்கிறோம். 100-இன் வர்க்கமூலம் 10. அதன்படி விகிதம் 2.5.

ட்ரேட் லாக்கிலிருந்து கணக்குப் போடும்போது இந்தத் தவறு தானாகவே வந்துவிடும். ட்ரேட் இல்லாத நாளுக்கு லாக்கில் வரியே இருக்காது. அதனால் முதலில் சந்தை நாட்களின் முழுப் பட்டியலை வைத்து, அதன்மேல் லாப நஷ்டத்தைப் பொருத்த வேண்டும்:

```
r = (pnl / capital_prev).reindex(sessions).fillna(0)
sharpe = r.mean() / r.std() * 250 ** 0.5
```

இப்படிச் செய்தால் சராசரி 0.04%, விலக்கம் ஏறக்குறைய 0.26%, விகிதம் 2.45. முன்பு சொன்ன 2.5-உடன் ஒத்துப்போகிறது. இங்கே `fillna(0)` கொஞ்சம் ஆபத்தான வரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அல்கோ சும்மா இருந்த நாளுக்கு சுழி சரி. பொசிஷன் திறந்திருந்தும் சர்வர் விழுந்ததால் லாக் பதிவாகாத நாளுக்கு சுழி பொய். புரோக்கரின் லெட்ஜரைப் பார்த்து அந்த நாட்களை நிரப்பிய பிறகே இந்த வரியை ஓட்டுங்கள். 250-ஆ, 252-ஆ என்று சிலர் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். அதில் வரும் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை, விட்டுவிடலாம்.

வட்டியைக் கழிப்பதா வேண்டாமா என்பதில் அப்படி அலட்சியமாக இருக்க முடியாது. ஷார்ப் விகிதம் என்பதே ஆபத்தில்லாத வட்டிக்கு மேல் கிடைத்ததை அளப்பது. வருடத்துக்கு 6% என்றால் நாளுக்கு 0.024%. நம் 0.04% சராசரியிலிருந்து அதைக் கழித்தால் விகிதம் 2.45-இலிருந்து ஒன்றுக்கு வந்துவிடும். ஆனால் மார்ஜினுக்காக லிக்விட் ஃபண்டை அடமானம் வைத்திருந்தால் அதன் வட்டி தனியாக வந்துகொண்டிருக்கும். லாப நஷ்டக் கணக்கில் அந்த வட்டியைச் சேர்க்காதபோது கழிப்பது தவறு. சேர்த்திருந்தால் கழிக்காமல் விடுவது தவறு.

ஷார்ப் நல்ல நாட்களின் ஏற்றத்தையும் ஆபத்தாகவே எண்ணுகிறது என்பதால் சிலர் நஷ்டப் பக்கத்தை மட்டும் ஆபத்தாக எண்ணும் சார்டினோ விகிதத்துக்குப் போவார்கள். நியாயம்தான். ஆனால் பலருடைய ஸ்கிரிப்டில் அது இப்படி இருக்கும்:

```
wrong = r.mean() / r[r < 0].std() * 250 ** 0.5
right = r.mean() / (r.clip(upper=0) ** 2).mean() ** 0.5 * 250 ** 0.5
```

முதல் வரி நஷ்ட நாட்களை மட்டும் பிரித்தெடுத்து, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளக்கிறது. எவ்வளவு நஷ்டம் என்று அது கேட்பதே இல்லை. நம் அல்கோவில் 0.5%-க்கு ஸ்டாப் லாஸ் இருக்கிறது, வருடத்தில் 30 நாள் அது அடிபட்டது என்று கொள்வோம். அந்த 30 நஷ்டமும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் அவற்றின் விலக்கம் 0.02% என்று வரலாம். அப்போது ஆண்டு சார்டினோ 31-ஐத் தாண்டும். இரண்டாவது வரி சுழிக்குக் கீழே போன அளவை வர்க்கப்படுத்தி, எல்லா நாட்களுக்கும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. அதில் வருவது 3.65. யாராவது இரட்டை இலக்கத்தில் சார்டினோ காட்டினால் முதலில் இந்த வரியைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

சரி, கணக்கை எல்லாம் திருத்திவிட்டோம். ஷார்ப் 2.45. இதை நம்பலாமா?

ஆப்ஷன் விற்பவருக்குத் தினமும் கொஞ்சம் பிரீமியம் கிடைக்கும், எப்போதாவது ஒருநாள் பெரிய அடி விழும். அந்த நாள் இன்னும் வராத பதிவிலிருந்து எடுத்த விலக்கம், ஆபத்தையே பார்க்காத விலக்கம். நிஃப்டி ஆப்ஷனுக்கு ஸ்டாப் லாஸ் லிமிட் ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். விலை ட்ரிக்கரைத் தொட்ட வேகத்திலேயே லிமிட்டையும் தாண்டிப் பாய்ந்தால் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். அல்லது சரியாக அந்த நேரம் ஏபிஐ இணைப்பு அறுந்திருக்கும். 8% நஷ்டம் என்று வைப்போம். நம் பட்டியலில் இந்த ஒரே ஒரு நாளைச் சேர்த்துப் பாருங்கள்: ஷார்ப் 2.45-இலிருந்து 0.22.

நடக்காத கதை இல்லை. 2024 ஜூன் 3, திங்கட்கிழமை, நிஃப்டி 3%-க்கு மேல் ஏறியது. மறுநாள் செவ்வாய், மக்களவைத் தேர்தல் முடிவு வந்த அன்று, சுமார் 6% விழுந்தது. அப்போது எக்ஸ்பைரி வியாழனாக இருந்தது. இன்றைய செவ்வாய் எக்ஸ்பைரியில் அப்படி இரண்டு நாள் வந்தால் இந்த அல்கோ நேராக அதன் நடுவில் நிற்கும்.

இப்படிப்பட்ட நாள் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இன்னும் சுவாரஸ்யம். 'அது உத்தியின் தவறு இல்லை, டெக்னிக்கல் பிரச்சினை' என்று சொல்லி அந்த வரியை எக்செலிலிருந்து நீக்கிவிடுவார்கள். லாகின் டோக்கன் காலாவதியாகி ஆர்டர் போகாமல், ஒரு பக்கத்துப் பொசிஷன் மட்டும் மாட்டிக்கொண்டு நஷ்டமானால் அதுவும் உங்கள் கணக்கிலிருந்து போன பணம்தான். பேக்டெஸ்டில் இல்லாதது, நேரடி ஓட்டத்தில் மட்டும் தெரிவது இந்த நாட்கள்தான். அதே டெக்னிக்கல் பிரச்சினையால் எதிர்பாராமல் லாபம் வந்த நாளை யாரும் நீக்கி நான் பார்த்ததில்லை.

பெரிய அடி வராவிட்டாலும் ஒரு வருடப் பதிவு மிகச் சின்னது. ஆண்டு ஷார்ப் விகிதத்தின் பிழை அளவு, தோராயமாக, ஒன்றை வருடங்களின் வர்க்கமூலத்தால் வகுத்தது. ஒரு வருடத்துக்குப் பிழை 1, நான்கு வருடத்துக்கு 0.5. இரு பக்கமும் இரண்டு மடங்கு பிழையை விட்டால், நம் 2.45 என்பது 0.45-க்கும் 4.45-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆறே மாதப் பதிவென்றால் கீழ் எல்லை சுழிக்குக் கீழேயே போய்விடும். தினசரித் தரவு என்பதால் 250 புள்ளிகள் இருக்கிறதே என்று தோன்றும். சராசரியின் துல்லியத்தைத் தீர்மானிப்பது புள்ளிகளின் எண்ணிக்கை இல்லை, கடந்த காலத்தின் நீளம்தான். ஒரே வருடத்தை நிமிடக் கணக்கில் நறுக்கினாலும் சராசரி பற்றிப் புதிதாக எதுவும் தெரியவராது.

இந்தப் பிழைச் சூத்திரம் வருமானங்கள் மணி வளைவில் பரவியிருப்பதாக நினைத்துப் போட்டது. ஆப்ஷன் விற்பவரின் வருமானம் அப்படிப் பரவுவதில்லை, இடது பக்கம் வால் நீண்டு கிடக்கும். மேலே அந்த ஒரு நாள் கொண்டுவந்த 0.22, சூத்திரம் சொன்ன கீழ் எல்லையான 0.45-க்கும் கீழே இருப்பது அதனால்தான்.