நண்பரை ரெக்ரூட்டரிடம் அறிமுகப்படுத்துவது எப்படி: தெரிந்ததை மட்டும் சொல்லி

"இவரை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று எழுதினால், இருவரும் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் என்றுதான் ரெக்ரூட்டர் எடுத்துக்கொள்வார். ஆள் எடுக்கும் நிறுவனத்திடமும் அப்படியே சொல்லிவிடுவார். நேர்காணலில் உண்மை வேறாக இருந்தால் அடி வாங்குவது நண்பரின் பெயர். அதைத் தவிர்க்கும் முறையை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

உங்களுக்கு ஒரு தோழி. சமூக மன்றத்தில் இரண்டு ஆண்டுகளாக உங்களோடு தொண்டூழியராக இருக்கிறார். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சி வழியாக அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலை வந்திருக்கிறது, அவருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறீர்கள்.

படி 1: முதலில் தோழியிடம் கேளுங்கள்

ரெக்ரூட்டருக்குத் தகவல் அனுப்பும் முன் மூன்று கேள்விகள். பெயரையும் எண்ணையும் கொடுக்கலாமா? இப்போது இருக்கும் நிறுவனத்துக்குத் தெரியக்கூடாதா? அந்த வேலைக்கு நேரடியாகவோ வேறு ஏஜென்சி வழியாகவோ ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டாரா?

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே ஆளின் ரெஸ்யூமே இரண்டு ஏஜென்சிகளிலிருந்து ஒரே நிறுவனத்துக்குப் போனால், ஆள் சேர்த்ததற்கான கட்டணம் எந்த ஏஜென்சிக்கு என்ற தகராறு வரும். அதில் சிக்க விரும்பாத நிறுவனம் அந்த ஆளையே ஒதுக்கிவிடக்கூடும்.

ரெக்ரூட்டர் உங்களுக்கும் புதியவர் என்றால் அவரையும் சரிபாருங்கள். சிங்கப்பூரில் வேலைவாய்ப்பு ஏஜென்சிக்கு மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். அங்கே ஆள் சேர்ப்பவருக்குப் பதிவு எண் இருக்கும். அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அடையாள அட்டை எண், பாஸ்போர்ட் நகல் எதையும் நீங்கள் அனுப்பவேண்டாம். அறிமுகத்துக்கு அவை தேவையே இல்லை.

படி 2: கண்ணால் பார்த்ததைப் பிரித்தெடுங்கள்

நேரம் எடுத்துச் செய்யவேண்டிய படி இதுதான். ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் நீங்களே பார்த்தவை, வலப்பக்கம் கேள்விப்பட்டவை.

தோழி விஷயத்தில் இடப்பக்கம் வருவது: பொங்கல் விழாவில் நுழைவுச்சீட்டுப் பணத்தை அவர்தான் கணக்கு வைத்தார். இரவு எண்ணியபோது பெட்டியில் 46 வெள்ளி குறைந்தது. ரசீதுக் கட்டை முதலிலிருந்து புரட்டி, ஒரே ரசீது இரண்டு முறை பதிவானதைக் கண்டுபிடித்து, அன்றிரவே திருத்திவிட்டுத்தான் கிளம்பினார்.

வலப்பக்கம்: அலுவலகத்தில் மாதக் கடைசிக் கணக்கை அவரே முடிக்கிறார், ஜிஎஸ்டி தாக்கல் செய்யத் தெரியும், மேலாளருக்குப் பிடித்தமானவர். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அவை அவர் சொன்னவை. அவருடைய ரெஸ்யூமே அவற்றைச் சொல்லட்டும்.

இடப்பக்கம் காலியாக இருந்தாலும் அறிமுகம் செய்யலாம். "இவர் வேலையை நான் பார்த்ததில்லை, ஆர்வமாக இருக்கிறார், தொடர்பு மட்டும் தருகிறேன்" என்று சொன்னால் போதும். பொத்தாம்பொதுவாகப் புகழ்வதைவிட இது மேல். அடுத்த முறை நீங்கள் ஒருவரைப் பாராட்டும்போது ரெக்ரூட்டர் நம்புவார்.

படி 3: செய்தியை எழுதுங்கள்

வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ, ஆங்கிலமோ தமிழோ, வரிசை ஒன்றுதான்: எப்படிப் பழக்கம், எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை, அடுத்து என்ன.

> வணக்கம். அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன். சமூக மன்றத் தொண்டூழியத்தில் இரண்டு ஆண்டுப் பழக்கம். ஒரே அலுவலகத்தில் வேலை செய்ததில்லை. விழாக் கணக்கில் 46 வெள்ளி வித்தியாசத்தை அன்றிரவே ரசீது பார்த்துச் சரிசெய்ததை நேரில் பார்த்தேன். அவருடைய அலுவலக வேலையைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியாது, அதை அவரிடமே கேளுங்கள். அவர் சம்மதத்தோடு எண்ணைத் தருகிறேன். மாலை 6 மணிக்குப் பிறகு அழைக்கவும்.

பார்க்காததைச் சொல்லும் வரியை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். அது இருப்பதால்தான் மேலே உள்ள 46 வெள்ளி வரிக்கு எடை கூடுகிறது.

படி 4: ரெக்ரூட்டர் திரும்ப அழைத்தால்

"அழுத்தம் தாங்குவாரா? ஏன் வேலை மாறுகிறார்? எவ்வளவு சம்பளம் வாங்குகிறார்?" என்று கேட்பார்கள். முதல் கேள்விக்கு, விழா இரவில் பார்த்ததைச் சொல்லி அங்கேயே நிறுத்துங்கள். மற்ற இரண்டும் தோழி பதில் சொல்லவேண்டியவை. உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் "அவரிடமே கேளுங்கள்" என்றால் போதும். சம்பளத்தை நீங்கள் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டால், அந்த எண் அவருடைய பேரத்தைக் கெடுக்கும்.

படி 5: அனுப்பியதைத் தோழிக்கும் காட்டுங்கள்

அதே செய்தியை அன்றே அவருக்கும் அனுப்புங்கள். "உங்களை அவருக்கு எப்படித் தெரியும்?" என்று நேர்காணலில் கேட்டால், இருவர் பதிலும் ஒன்றாக இருக்கும். அறிமுகத்துக்கு உங்களுக்கு ஊக்கத்தொகை கிடைக்குமென்றால் அதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.