‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’: எந்த வேலை என்று பாராமல் தயாரிக்கும் விடையில் நேரும் தவறுகள்

நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பலர், எந்த வேலை, எந்தத் துறை, எத்தனை ஆண்டு அனுபவம் என்ற எதையும் சொல்லாமல், “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு நல்ல விடை எழுதிக் கொடுங்கள்” என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு விடையை எழுதிக் கொடுப்பது எளிது. கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துழைப்பவர், புதியன கற்பதில் ஆர்வமுள்ளவர் என்று வரிகள் தாமாகவே வந்து விழும். அதே வரிகளை அன்று காலையில் வந்த மற்றவர்களும் சொல்லியிருப்பார்கள் என்பதால், கேட்பவரால் அதிலிருந்து எதையும் குறித்துக்கொள்ள முடியாது. கேள்வி பொதுவாக இருந்தாலும், விடை அந்த வேலைக்கு உரியதாக இருக்க வேண்டும். வேலையை அறியும் முன்பே விடையை எழுதி முடிப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையின் கணக்குப் பிரிவில் 2 ஆண்டுகளாக வேலை பார்க்கும் பி.காம். பட்டதாரி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். டேலியில் பில் பதிவது, கொள்முதல் பில்களை, சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த விவரங்களிலிருந்து ஜிஎஸ்டி தளத்தில் உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, பாக்கி வைத்திருக்கும் சில்லறைக் கடைக்காரர்களிடம் தொலைபேசியில் பேசிப் பணம் வசூலிப்பது ஆகிய மூன்றும் அவருடைய அன்றாட வேலை. இப்போது அவர் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறார்: ஒரு தொழிற்சாலையில் கணக்கு உதவியாளர், ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வசூல் பிரிவு.

அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் விடை ஊர்ப் பெயரில் தொடங்கி, அப்பாவின் தொழில், உடன்பிறந்தோர், பள்ளி, கல்லூரி, மதிப்பெண் என்று போய், கிரிக்கெட் பார்ப்பதில் முடிகிறது. கடையில் வேலை பார்த்த 2 ஆண்டுகள் அதில் ஒரே வரிதான். கேட்பவருக்கு மிகவும் தேவையான பகுதி மிகவும் சுருங்கி, அவருக்கு வேண்டாத பகுதி நீண்டுவிட்டது. குடும்ப விவரம் சொல்லவே கூடாது என்பதில்லை. முதலாளியே நேரில் பார்த்து ஆள் எடுக்கும் சிறு நிறுவனங்களில், எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று அவரே கேட்பது நம் பக்கத்து வழக்கம். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். கிடைத்த முதல் ஒன்றரை நிமிடத்தை அதற்குக் கொடுப்பதுதான் தவறு.

தொழிற்சாலைக் கணக்கு வேலைக்கு அவருடைய விடை இப்படி இருக்கலாம்: “ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் 2 ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். டேலி பதிவுகள் முழுவதும் என் பொறுப்பு. ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதிக்குப் பிறகு 2பி அறிக்கையை எடுத்து, எங்கள் கொள்முதல் பதிவோடு பில் பில்லாக ஒப்பிட்டு, விடுபட்டவற்றுக்குச் சரக்கு அனுப்பியவரிடம் பேசி, 20ஆம் தேதி கணக்குத் தாக்கலுக்கு முன் முடித்துக் கொடுப்பேன். இந்த வேலை விளம்பரத்திலும் ஜிஎஸ்டி ஒப்பீடு முதலில் இருப்பதைப் பார்த்துத்தான் விண்ணப்பித்தேன்.” வசூல் வேலைக்குப் போகும்போது இதே மனிதர் 2பி பற்றி ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டு, எந்தெந்த ஊர்க் கடைக்காரர்களிடம் பேசினார், தவணை தள்ளிப்போனவரிடம் உறவு முறியாமல் எப்படித் தேதி வாங்கினார் என்பதை விரித்துச் சொல்ல வேண்டும். இரண்டிலும் பொய் எதுவும் இல்லை; எதை முன்னே வைக்கிறோம் என்பது மட்டுமே மாறுகிறது.

இந்த விடையில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. கேட்பவர் பெரும்பாலும் அடுத்த கேள்வியை நம் விடையிலிருந்தே எடுக்கிறார். 2பி என்று சொன்னால், “பில் கையில் இருக்கிறது, அறிக்கையில் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்பார். உண்மையில் அந்த வேலையைச் செய்தவருக்கு இது தெரியும். சரக்கு விற்ற, மாதந்தோறும் தாக்கல் செய்யும் வியாபாரி 11ஆம் தேதிக்குள் தம் விற்பனை விவர அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1இல் அந்த பில்லைக் காட்டவில்லையா, அல்லது நம் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிந்துவிட்டாரா என்று விசாரிக்க வேண்டும். அறிக்கையில் வராதவரை, கொள்முதலில் கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவை அந்த மாதம் எடுக்க முடியாது. இதைத் தடுமாறாமல் சொன்னால், முதல் விடையின் மீதும் நம்பிக்கை வந்துவிடும். மாறாக, அழகுக்காக “எக்செலில் வல்லவன்” என்று சேர்த்துவிட்டு, விலுக்அப் எப்படிப் போடுவது என்ற கேள்விக்கு விழித்தால், சொன்ன மற்றவையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆகவே, தொடர்ந்து ஐந்து நிமிடம் பேச முடியாத எதையும் இந்த விடையில் சேர்க்க வேண்டாம்.

புதிதாகப் படிப்பை முடித்தவர்கள் இதே இடத்தில் வேறு விதமாகச் சறுக்குகிறார்கள். கல்லூரி இறுதி ஆண்டுத் திட்டப்பணியைச் சொல்லும்போது “நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம்” என்றே போவார்கள். நால்வர் குழுவில் உங்கள் கையால் நடந்தது எது என்பதே கேட்பவருக்கு வேண்டும். அது சிறிய பகுதியாக இருந்தாலும் பாதகமில்லை.

பழைய நிறுவனத்தை விட்டு வந்த காரணத்தையும், இடையில் வேலையில்லாமல் இருந்த மாதங்களையும் கேட்கும் முன்பே விளக்கத் தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. அவை தனிக் கேள்விகளாக வரும். அவற்றுக்குத் தனியாகத் தயாராகிக்கொள்ளுங்கள்.

மனப்பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடை முழுவதையும் சொல்லுக்குச் சொல் உருப்போட்டவரை எளிதில் கண்டுபிடித்துவிடலாம்: நடுவில் ஒரு சிறு கேள்வி கேட்டால், பதில் சொன்ன பிறகு விட்ட இடத்தைப் பிடிக்க முடியாமல் முதல் வரிக்கே திரும்புவார். வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து, வேண்டுமென்றே இடைமறிக்கச் சொல்லிப் பழகினால் இது தெரிந்துவிடும். முதல் வரியும் கடைசி வரியும் உறுதியாக மனத்தில் இருந்தால் போதும். நடுவில் வருவது உங்கள் சொந்த வேலை என்பதால் அதை எந்தச் சொல்லிலும் சொல்ல முடிய வேண்டும். கடைசி வரிக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம், பலர் “தட்ஸ் ஆல் அபௌட் மீ” என்று சட்டென நிறுத்திவிடுவதுதான். இந்த வேலையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதில் முடித்தால், கேட்பவருக்குத் தொடர்ந்து பேச ஒரு பிடி கிடைக்கும்.

சில சமயம், வேலை என்னவென்று உண்மையிலேயே தெரியாமல் போக நேரிடும். ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சியிலிருந்து “ஆபீஸ் வேலை, நாளைக்கு வாருங்கள்” என்று மட்டும் சொல்வார்கள். அப்போதே தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்டுவிடலாம்: “எந்தப் பிரிவில் ஆள் தேவை? அன்றாடம் முக்கியமாக என்ன வேலை இருக்கும்?” இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குபவர்கள் அதிகம்; அந்தத் தயக்கத்துக்கு அவசியமே இல்லை. அங்கும் பதில் கிடைக்காவிட்டால், தேர்வு அறையில் உங்கள் படிப்பையும் வேலையையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, “நான் கணக்குப் பதிவு, வரி ஒப்பீடு, வசூல் மூன்றும் பார்த்திருக்கிறேன், இந்த வேலைக்கு எது நெருக்கமோ அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், எதிலிருந்து தொடங்கட்டும் சார்?” என்று கேட்டுக்கொள்ளலாம். அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதிலிருந்து, அவர்கள் எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதும் உங்களுக்கு ஓரளவு புரிந்துவிடும்.