ஒரே கம்பனி, இரண்டு அழைப்பு

ஹட்டனில் வீட்டிலிருந்தபடி வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். கொழும்புக் கம்பனியொன்றின் டெஸ்டிங் பிரிவில் முதல் நேர்முகம் முடிந்த மூன்றாம் நாள், அதே கம்பனியின் சப்போர்ட் பிரிவுக்கென்று வேறொருவர் மெயில் போட்டார். வாயை மூடிக்கொண்டு இரண்டிலும் போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஒரே மெயில் முகவரியில் போகும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே கோப்பில்தான் விழும். சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். அதிலும் சம்பளத்தை இருவரிடமும் வேறு வேறாகச் சொல்லியிருந்தால் தொலைந்தது.

அன்றிரவே, மழையில் சிக்னல் போய்ப் போய் வர, முதலில் பேசியவருக்கு எழுதினேன்:

“வணக்கம் மிஸ். உங்கள் சப்போர்ட் பிரிவிலிருந்தும் இன்று என்னைத் தொடர்புகொண்டார்கள். டெஸ்டிங் நேர்முகம் செவ்வாயன்று முடிந்தது, அதுவே என் முதல் விருப்பம். இரண்டையும் தொடரலாமா? இனி யாருடன் பேச வேண்டும்?”

முதல் விருப்பம் எதுவென்று நிச்சயமாகத் தெரிந்ததால்தான் அந்த வரி, இல்லாவிட்டால் விட்டிருப்பேன். மற்றவருக்கும் இரண்டு வரி எழுதி, மிஸ்ஸின் பெயரைக் குறிப்பிட்டேன்.

மறுநாள் காலையே கோல் வந்தது. “நல்லவேளை சொன்னீங்க தம்பி, அவர் எனக்குப் பக்கத்து மேசைதான்” என்று சிரித்தார். டெஸ்டிங் முடிவு தெரியும்வரை சப்போர்ட் பக்கத்தை நிறுத்திவைத்தார்கள்.