ஒரே தொடர், வீடியோவுக்கு வீடியோ வேறு சத்தம்: எங்கே தவறுகிறோம்?

வெள்ளவத்தையில் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கும் சேர் ஒருவரின் பாட வீடியோக்களை நான்தான் எடிட் செய்து கொடுக்கிறேன். மூன்று பாடங்கள் யூடியூப்பில் ஏறியதும் ஒரு மாணவியின் தாயார் அவரிடம் சொல்லியிருக்கிறார்: "சேர், முதலாவது நல்லாக் கேட்குது. ரெண்டாவதுக்கு போன் சத்தத்தை முழுக்கக் கூட்டினாலும் போதாது. அப்படியே மூன்றாவதுக்குப் போனா, பிள்ளை ஹெட்போனைக் கழற்றி வைக்கிறாள்."

மூன்றிலும் உச்சத்தை -1 டெசிபலுக்குச் சரியாக நிறுத்தித்தான் அனுப்பியிருந்தேன். தவறே அதில்தான் இருந்தது. உச்சம் என்பது ஒலி அலை ஒரு கணத்தில் தொட்ட மிக உயர்ந்த புள்ளி மட்டுமே. காதுக்குக் கேட்கும் சத்தம் அந்த ஒரு கணத்தால் அமைவதில்லை, பேச்சு முழுவதும் எவ்வளவு பலமாக ஓடுகிறது என்பதால் அமைகிறது. இரண்டாம் பாடத்தில் சேர் பிள்ளைகளின் கவனத்தைத் திருப்ப டஸ்டரால் பலகையில் ஒரு தட்டுத் தட்டியிருந்தார். அந்தத் தட்டுத்தான் -1ஐத் தொட்டது. அவருடைய குரலோ -12ஐத் தாண்டவே இல்லை. தட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டதால் குரலுக்கு மேலே போக வழி இருக்கவில்லை.

பேச்சின் பலத்தை அளக்க LUFS என்ற அளவு இருக்கிறது. அதில் ஒரு படி ஒரு டெசிபல், எண் பூச்சியத்துக்குக் கிட்ட வர வரச் சத்தம் பலம். பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களில் அதற்கான மீட்டர் உண்டு. இல்லாவிட்டால் கணினியில் `ffmpeg` இருந்தால் போதும்:

```
ffmpeg -i paadam2.mp4 -af ebur128=peak=true -f null -
```

முடிவில் வரும் சுருக்கத்தில் `I:` என்ற வரியைப் பாருங்கள். எனக்கு முதலாம் பாடம் -16, இரண்டாவது -27, மூன்றாவது -15 என்று வந்தது. 10 டெசிபல் வித்தியாசம் என்றாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். தாயார் சொன்னது சரிதான்.

இரண்டாம் பாடத்தை -16க்குக் கொண்டுவர 11 டெசிபல் கூட்ட வேண்டும். கூட்டினால் குரலின் உச்சம் -12இலிருந்து -1க்கு வரும், அது பாதுகாப்பான இடம். டஸ்டர் தட்டு மட்டும் எல்லையைத் தாண்டி வெடிக்கும். ஆகவே முதலில் சத்தத்தைக் கூட்டி, அதற்குப் பிறகு -1இல் ஒரு லிமிட்டர் போட்டேன். அது தட்டை மட்டும் அமுக்கியது, குரலைத் தொடவில்லை. ஆனால் பின்னால் ஓடிய மின்விசிறியின் இரைச்சலும் அதே 11 டெசிபல் ஏறிவிட்டது. இதற்கு எடிட்டிங்கில் நல்ல மருந்து கிடையாது. மைக்கைச் சட்டைக் கொலருக்குக் கிட்ட வைத்து, பேசும் நேரத்தில் விசிறியை நிறுத்துவதுதான் வழி. கொழும்பு வெக்கையில் அது கஷ்டம்தான், ஆனாலும் பத்து நிமிடம் பொறுக்கலாம்.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும். எண்ணைப் பார்த்தால் -15, முதலாவதுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அது ஒரு நிமிட மீட்டல் வீடியோ. முதல் 15 விநாடி தொடக்க இசை, -10இல். மிச்சம் 45 விநாடி பேச்சு, -20இல். மீட்டர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க, பலமான இசை முழு எண்ணையும் மேலே இழுத்துவிட்டது. பிள்ளை ஹெட்போனைக் கழற்றியது இசைக்கு. அதற்குப் பிறகு வந்த குரல் முதலாம் பாடத்தைவிட 4 டெசிபல் மெதுவானது. நீளமான வீடியோவில் இந்தப் பிழை சிறிதாகிவிடும், குட்டி வீடியோவில்தான் பெரிதாகத் தெரியும்.

ஆகவே பேச்சை மட்டும் தனியாக வெட்டி அளக்க வேண்டும். குரலை -16க்கு ஏற்றினேன், இசையை -19க்கு இறக்கினேன். இப்போது முழுக் கோப்பையும் அளந்தால் -16.6 காட்டும். அதைப் பார்த்து "0.6 குறைகிறதே" என்று திரும்பவும் ஏற்றிவிடாதீர்கள். தொடர் முழுக்கச் சமமாக இருக்க வேண்டியது குரல்.

"யூடியூப் தானே சரிசெய்துவிடும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது சுமார் -14க்கு மேலே பலமாக இருப்பதைக் குறைக்கும், ஆனால் மெதுவானதைத் தூக்கிவிடாது. ஏற்றிய வீடியோவில் ரைட் கிளிக் செய்து `Stats for nerds` திறந்தால் `content loudness` என்று ஒரு எண் தெரியும். அதில் பூச்சியம் என்பது அந்த -14தான். இரண்டாம் பாடத்துக்கு அது பூச்சியத்துக்கு வெகு கீழே நின்றது. யூடியூப் அதைக் கண்டும் அப்படியே விட்டிருந்தது.

இதையெல்லாம் ஏற்றுவதற்கு முன்னமே பார்த்துவிடுங்கள். ஏற்றிய வீடியோவின் கோப்பை யூடியூப்பில் மாற்ற முடியாது. இரண்டாம், மூன்றாம் பாடங்களைப் புதிதாக ஏற்றி, சேர் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் புது லிங்க் அனுப்ப வேண்டி வந்தது.