டிபிஎப் லைட் எரிந்தால் ஏ9இல் ஓடுவதா, கராஜில் எரிப்பதா, புதுப் பில்டர் போடுவதா?

எங்கள் டீசல் வான் கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில்தான் ஓடும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, பின்னேரம் ஏற்றி வருவது, நடுவில் சந்தைக்கு ஒரு நடை. அப்படி ஓடின வாகனத்தில் டிபிஎப் லைட் எரிந்தது. டிபிஎப் என்பது டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கிற பில்டர், சைலன்சர் பாதையில் இருக்கும். ஒரு கராஜில் "பில்டர் முடிஞ்சுது தம்பி, புதுசுதான்" என்று விலையும் சொல்லிவிட்டார்கள். அந்த விலையைக் கேட்டபிறகுதான் நான் இந்த விசயத்தைப் படிக்கத் தொடங்கினேன். கடைசியில் பில்டரில் கோளாறே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

ஒன்றை மட்டும் முதலில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பில்டருக்குள் இரண்டு பொருள் சேரும். ஒன்று புகைக்கரி. அது 600 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் எரிந்து வாயுவாகப் போய்விடும். மற்றது சாம்பல். என்ஜின் ஒயிலில் கலந்திருக்கும் கல்சியம், நாகம் போன்றவை எரிந்து மிஞ்சுவது அது. சாம்பலை எந்தச் சூடும் எரிக்காது. ஏ9இல் ஓடினாலும் சரி, கராஜில் ஸ்கானர் போட்டு எரித்தாலும் சரி, போவது கரி மட்டும்தான். சாம்பல் போக வேண்டுமென்றால் பில்டரைக் கழற்றத்தான் வேண்டும்.

படி 1: ஓடி எரிப்பது

லைட் மஞ்சளாக, சிமிட்டாமல் எரிந்தால், என்ஜின் லைட்டும் சேர்ந்து எரியாவிட்டால், முதலில் இதைச் செய்யுங்கள். லைட் சிமிட்டினாலோ வாகனம் இழுக்காமல் சோர்ந்தாலோ நேரே படி 2க்குப் போங்கள்.

டாங்கியில் கால்வாசிக்கு மேல் டீசல் இருக்கட்டும். குறைந்தால் பல வாகனங்களில் எரிப்பு தொடங்கவே தொடங்காது. என்ஜின் நன்றாகச் சூடேறியபிறகு, 20 தொடக்கம் 30 நிமிடம் நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். பறக்கத் தேவையில்லை. 60, 65இல் போனால் போதும், ஆனால் ஒரு கியரைக் குறைத்து என்ஜின் 2000 சுற்றுக்குக் குறையாமல் வைத்திருங்கள். மேல் கியரில் 1400 சுற்றில் மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் சைலன்சர் பக்கம் சூடே ஏறாது. ஓட்டோமற்றிக் என்றால் கியரைக் கையால் பிடித்து வையுங்கள்.

நான் முதல் தடவை கிளிநொச்சி டவுனிலிருந்து தெற்கே போனேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முறிகண்டி வந்தது. பிள்ளையாரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணினேன். எரிப்பு அரைவாசியில் நின்றுவிட்டது, லைட்டும் அப்படியே இருந்தது. இப்போது முறிகண்டியில் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்துதான் எரிப்பு ஓட்டத்தைத் தொடங்குகிறேன். மாங்குளம் சந்தியில் வேகம் குறைவது பிரச்சினையில்லை, என்ஜினை நிறுத்தாமல் இருந்தால் சரி. கனகராயன்குளம் பக்கம் போகும்போது வேலை முடிந்திருக்கும்.

எரிப்பு நடப்பதைக் கவனித்தால் தெரியும். சும்மா நிற்கும்போது என்ஜின் சுற்று வழமையைவிடக் கொஞ்சம் கூடி நிற்கும், விசிறி ஓடும், சூடான ஒரு மணம் வரும். அந்த நேரம் சாவியைத் திருப்பாதீர்கள், காய்ந்த புல்லுக்கு மேல் நிறுத்தவும் வேண்டாம்.

லைட் அணைந்து, ஒரு மாதம் இரண்டு மாதம் வராவிட்டால் வேலை முடிந்தது. எனக்கு நான்காம் நாள் திரும்ப வந்தது.

படி 2: ஸ்கானரில் முதலில் பார்க்க வேண்டிய ஒரே ஒரு இலக்கம்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான்காம் நாள் வவுனியாவில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். ஸ்கானர் போட்டார்கள், `P2463` என்று வந்தது. கரி கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே அங்கேயே எரித்தார்கள், லைட் அணைந்தது. மூன்று நாளில் மறுபடியும் வந்தது. "இனிப் பில்டரை மாத்துறதுதான்" என்றார்கள்.

பில்டர் அடைத்திருக்கிறதா என்று வாகனம் எப்படி அறிகிறது? பில்டருக்கு முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய், இரண்டும் றபர் ஹோஸ் வழியாக ஒரு சின்னச் சென்சருக்குப் போகும். இரு பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது அளக்கும். அடைப்புக் கூடக் கூட வித்தியாசமும் கூடும். அந்தச் சென்சர் பொய் சொன்னால் புதுப் பில்டருக்கும் அதே லைட்தான் எரியும்.

பரீட்சை மிகச் சுலபம். என்ஜின் ஆறியிருக்கும்போது சாவியை மட்டும் போடுங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஸ்கானரின் லைவ் டேட்டாவில் `DPF Differential Pressure` என்ற வரியைத் தேடுங்கள். காற்றே ஓடாத நேரம் அது 0 காட்ட வேண்டும், 0.1, 0.2 என்று கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை. என் வானில் 3.8 கிலோபஸ்கல் என்று நின்றது. ஸ்டார்ட் பண்ணி சும்மா விட்டபோது 4.6. அதாவது உண்மையான வித்தியாசம் 0.8 மட்டும். ஓரளவு சுத்தமான பில்டர் அந்த நிலையில் 1 கிலோபஸ்கலுக்குள்தான் காட்டும். வாகனத்தின் மூளையோ 4.6 என்று நம்பி, இல்லாத கரியை எரிக்கச் சொல்லி நின்றது.

0 வராவிட்டால் உடனே சென்சர் வாங்க ஓடவேண்டாம். இரண்டு ஹோஸையும் சென்சரிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இலக்கம் 0க்கு இறங்கினால் சென்சர் சுகம், ஹோஸுக்குள்ளோ இரும்புக் குழாய்க்குள்ளோ கரியும் தண்ணியும் அடைத்து அழுத்தம் சிக்கியிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்தால் போதும். கழற்றிய பிறகும் இலக்கம் அசையாவிட்டால் சென்சர்தான். எனக்கு அசையவில்லை.

மாற்றாகவும் நடக்கும். முன்பக்க ஹோஸ் வெடித்திருந்தால் அழுத்தம் குறைவாகக் காட்டும், நிஜமாகவே அடைத்த பில்டருக்கும் லைட் வராது. ஆகவே ஹோஸைக் கையால் வளைத்து வெடிப்புப் பாருங்கள். கழற்ற முன்னர் எது முன், எது பின் என்று பெயின்ரால் ஒரு புள்ளி வையுங்கள். மாற்றிக் கொழுவினால் இன்னொரு கிழமை போய்விடும்.

புதுச் சென்சர் போட்டபிறகும் எனக்கு லைட் வந்தது. காரணம், என் வாகனத்தில் புதுச் சென்சரை ஸ்கானரால் "பழக்க" வேண்டும், பழைய கணக்கை அழிக்கவும் வேண்டும். அதை யாரும் செய்யவில்லை. கராஜில் சென்சரை மாற்றும்போதே "கணக்கை அழிச்சனீங்களோ அண்ணை?" என்று கேளுங்கள்.

ஸ்கானர் பற்றி என் அபிப்பிராயம்: கோட் மட்டும் வாசிக்கிற மலிவுக் கருவி வேண்டாம். ELM327 புளூடூத் கருவி ஒன்று, உங்கள் வாகனத்தின் டிபிஎப் இலக்கங்களைக் காட்டுகிற ஆப் ஒன்று, இரண்டும் இருந்தால் மேலே சொன்ன பரீட்சைக்குப் போதும். கராஜ் எரிப்புக்கு மட்டும் பெரிய கருவி தேவை.

படி 3: கராஜ் எரிப்பு

சென்சர் சரி, ஓடியும் கரி போகவில்லை, அல்லது லைட் சிமிட்டுகிறது என்றால் இதற்கு வாருங்கள். வாகனம் ஓடாமல் நிற்கும்போது ஸ்கானர் கட்டளையிட, மேலதிக டீசல் எரிந்து பில்டர் சூடேறும். 20 தொடக்கம் 40 நிமிடம் எடுக்கும்.

தொடங்க முன்னர் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். அது மேல் கோட்டைத் தாண்டி, டீசல் மணமும் வந்தால் முதலில் ஒயிலை மாற்றுங்கள். வாகனத்தை வெறும் மண்ணிலோ கொங்கிறீற்றிலோ, வெளியில் நிறுத்துங்கள். கொட்டிலுக்குள் வேண்டாம். நம்மூர் கராஜ்களில் பின்பக்கம் வைக்கோல், காய்ந்த புல், ஒயில் துணி என்று கிடக்கும், சைலன்சர் வாயிலிருந்து வருவது வெறும் புகையில்லை, நெருப்புச் சூடு. பிள்ளைகளை அருகில் விடவேண்டாம்.

கரி அளவு வாகனத்தின் எல்லையைத் தாண்டியிருந்தால் பல வாகனங்கள் இந்தக் கட்டளையை ஏற்காது. "மறுக்குது, வேற வழியால பாக்கிறன்" என்று மெக்கானிக் சொன்னால் தடுத்துவிடுங்கள். கரி அதிகமாக இருந்து ஒரேயடியாகப் பற்றினால் உள்ளே இருக்கும் செராமிக் உருகும், வெடிக்கும். பிழைக்க வேண்டிய பில்டரை அங்கேயே கொன்றுவிடுவோம். அந்த நிலையில் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் வழி.

படி 4: கழற்றிச் சுத்தம் செய்வது

ஸ்கானரில் `P242F` வந்தால் அது சாம்பல், ஓடுவதாலும் எரிப்பதாலும் பலனில்லை. பில்டரைக் கழற்றி, முதலில் தராசில் நிறுங்கள். சுத்தம் செய்கிற இடத்தில் அதைச் சூளையில் வாட்டி, பின்வாயிலிருந்து முன்வாய்க்குக் காற்றடிப்பார்கள், அல்லது அதற்கென்று உள்ள திரவத்தால் அலசுவார்கள். நன்கு காய்ந்தபிறகு மறுபடி நிறுங்கள். நிறை குறையாவிட்டால் காசு மட்டும்தான் குறைந்திருக்கிறது. நிறுத்துக் காட்டாத இடத்தில் நான் கொடுக்க மாட்டேன். வீட்டில் பிரஷர் வோஷர் பிடிப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, தட்டுவது எல்லாம் செராமிக்கை உடைக்கும் வேலை. அந்தத் தூசு மிக நுண்ணியது, மாஸ்க் போடாமல் கிட்டப் போகாதீர்கள்.

புதுசு எப்போது?

சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேயுங்கள் (ஆறியபிறகு!). நல்ல பில்டர் உள்ள வாகனத்தில் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும். கறுப்பாக ஒட்டினால் பில்டர் உள்ளே வெடித்துக் கரியை வெளியே விடுகிறது. கழற்றிப் பார்த்தால் பின்முகத்தில் கறுப்புத் திட்டுகள் தெரியும். அதற்குச் சுத்தமில்லை, புதுசுதான். உருகிய செராமிக்குக்கும் அதுதான். சென்சர் 0 சரியாகக் காட்டி, சுத்தமும் செய்து, அழுத்தம் மட்டும் இறங்காவிட்டாலும் அதேதான்.

புதுசு போட்டால் இரண்டு வேலை மறக்க வேண்டாம். ஸ்கானரில் சாம்பல் கணக்கைப் பூச்சியமாக்க வேண்டும். பழையது ஏன் செத்தது என்றும் பார்க்க வேண்டும்: ஒழுகுகிற இன்ஜெக்டரோ ஒயில் விடுகிற டர்போவோ இருந்தால் புதியதும் அதே வழியில் போகும். ஒயில் போத்தலில் ACEA C3 அல்லது JASO DL-1 போன்ற அடையாளத்தில் உங்கள் கைநூல் எதைச் சொல்கிறதோ அதைப் பாருங்கள், இவை சாம்பல் குறைந்தவை. டீசலும் முடிந்தளவு சுப்பர் டீசல். "உள்ளுக்க உடைச்சு வெறும் குழாயாக்கித் தாறன்" என்று சொல்பவர்களுக்கு நான் ஓம் சொல்லவில்லை. நம் பின்னால் சைக்கிளில் வருபவனும் சுவாசிக்கிறான், வருடாவருடம் புகைப் பரிசோதனையும் இருக்கிறது.

பிற்சேர்க்கை: ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அண்ணை எழுதியிருந்தார். லைட் எரியவே இல்லை, ஆனால் ஒயில் மட்டம் மாதாமாதம் ஏறுகிறதாம், "ஒயில் கூடினா நல்லதுதானே" என்று விட்டிருக்கிறார். நல்லதில்லை. ஒவ்வொரு தடவையும் எரிப்பு பாதியில் நின்று, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஒயிலுக்குள் இறங்குகிறது. என் வானிலும் பொய்ச் சென்சர் இருந்த காலத்தில் குச்சியில் ஒயில் மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது, அப்போது நான் கவனிக்கவில்லை. அவரை ஒயிலை மாற்றச் சொல்லி, சாவி மட்டும் போட்டு இலக்கத்தை அனுப்பச் சொன்னேன். 0.1 வந்தது. அவருக்குச் சென்சர் சுகம், ஓட்டம்தான் குட்டை. மாங்குளம் பக்கம் போகும்போது இனி இடையில் நிறுத்தாமல் வரப் பார்க்கிறாராம்.